மாலை 4.40 முதல் 5.31 வரை: ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை தன் வங்கிக்கு எழுதிய கடிதம்

2023 ஆகஸ்ட் 11, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, மாலை ஐந்தே கால் மணிக்குச் சற்று முன்பு, பூஜை முடித்த கையோடு ஒரு சம்புடத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். சம்புடத்தைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல் வாசலிலேயே நின்று, "சார், இப்போதான் பேங்கிலிருந்துன்னு சொல்லி ஒருத்தன் பேசினான். எனக்கென்னமோ சரியாப் படலை. ஆனா ஓடிபி சொல்லலை, அதனால பயமில்லைதானே?" என்று கேட்டார். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். கிளையில் இருந்த கடைசி ஆண்டுகளில் இத்தகைய புகார்களை வாங்கும் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த அனுபவத்தில் அவரை உள்ளே வந்து உட்காரச் சொல்லி, முதலில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஓடிபி சொல்லலை, சரி. வேற என்னென்ன சொன்னீங்க டீச்சர்?"

அவர் சொன்னது இது. மாலை 4.40 மணிக்கு ஒரு கைப்பேசி எண்ணிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பேசியவர் தன்னை வங்கியின் ஓய்வூதியப் பிரிவு அலுவலர் என்று சொல்லிக்கொண்டு, ஆசிரியையின் முழுப்பெயரையும் அவர் ஓய்வு பெற்ற ஆண்டையும் ஓய்வூதியக் கொடுப்பாணை எண்ணின் கடைசிச் சில இலக்கங்களையும் தவறில்லாமல் கூறியிருக்கிறார். உங்கள் உயிர்வாழ் சான்று பதிவாகவில்லை, இன்று மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் அடுத்த மாத ஓய்வூதியம் நின்றுவிடும், கணக்கு உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்த ஏடிஎம் கார்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். கார்டின் பதினாறு இலக்கங்களையும், அது காலாவதியாகும் மாதத்தையும் ஆண்டையும், பின்பக்கத்து மூன்று இலக்கங்களையும் ஆசிரியை படித்துக் காட்டியிருக்கிறார். அடுத்த நிமிடம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வகுப்பில் விடைத்தாள் திருத்திய பழக்கத்தில் அதை முதல் எழுத்திலிருந்து படித்தவருக்கு, ரூ. 24,999 என்ற தொகை கண்ணில் பட்டது. "உயிர்வாழ் சான்றுக்கு எதற்கு இருபத்தைந்தாயிரம்?" என்று அவர் கேட்க, மறுமுனையில் குரல் மாறியது, மிரட்டியது. 4.58க்கு அவர் அழைப்பைத் துண்டித்தார்.

பேசியவர் சொன்ன காரணமே பொய் என்பதை அறிய ஒரு வழி இருந்தது. இந்த ஆசிரியை மாநில அரசின் ஓய்வூதியர். சென்னையில் அவருக்கு ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு அனுப்புவது ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம். ஆண்டு நேர்காணலும் உயிர்வாழ் சான்றும் அந்த அலுவலகத்தின் வேலை. வங்கி, வந்த தொகையை அவர் கணக்கில் வரவு வைப்பதோடு சரி. வங்கி மூலமாகவே ஓய்வூதியம் பெறும் மத்திய அரசு ஓய்வூதியர்கள் பலருக்கு நிலைமை வேறு. அவர்கள் சான்றை வங்கியில் கொடுப்பதுண்டு. ஆனால் அங்கும் சான்றுக்குக் கார்டின் பின்பக்க எண் தேவைப்படுவதே இல்லை. இதை நான் சொன்னபோது ஆசிரியை, "வருஷா வருஷம் நேர்காணலுக்கு நானே போய்ட்டு வரேன், அந்த நேரத்துல ஏன் தோணலை?" என்று வருந்தினார். கொடுப்பாணை எண்ணைச் சரியாகச் சொல்லும் ஒருவரை நம்பாமல் இருப்பது எளிதல்ல. சரியாகச் சொல்லப்பட்ட அந்த மூன்று விவரங்கள்தான் நான்காவதாகக் கேட்கப்பட்டதைக் கொடுக்க வைத்தன.

இனி, ஓடிபி சொல்லாததால் பயமில்லை என்ற அவருடைய நம்பிக்கைக்கு வருகிறேன். இந்திய வணிகத் தளங்களில் கார்டு வழியாகப் பணம் செலுத்தும்போது ஓடிபி போன்ற இரண்டாவது உறுதிப்படுத்தல் பொதுவாகக் கட்டாயம். அந்த வகையில் அவர் ரூ. 24,999ஐக் காப்பாற்றிக்கொண்டார். ஆனால் வெளிநாட்டு வணிகத் தளங்கள் பலவற்றில் அந்தக் கட்டாயம் இல்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க எண் ஆகிய மூன்றும் போதும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருந்தால், ஓடிபி வராமலேயே பணம் போகும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஓர் உத்தரவு பிறப்பித்து, அதன் பிறகு வழங்கப்படும் கார்டுகளில் இணையவழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும் என்றது. பழைய கார்டுகளில், அந்த வசதிகளை ஒருமுறைகூடப் பயன்படுத்தாதவற்றில் அவற்றை மூடிவிட வேண்டும் என்றும் சொன்னது. ஆசிரியையின் கார்டு 2019இல் வாங்கியது. அந்த ஆண்டு மகன் வீட்டுக்குச் சிங்கப்பூர் போனபோது அங்கே இருமுறை பயன்படுத்தியிருக்கிறார். ஆகவே அது மூடப்படாத கார்டாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணித்தேன்.

ஆகவே கடிதத்துக்கு முன்பு தொலைபேசி. கிளை மூடும் நேரம்; மறுநாள் இரண்டாம் சனி, அதற்கடுத்து ஞாயிறு. கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்த வங்கியின் 24 மணி நேர எண்ணை 5.19க்கு அழைத்தோம். வந்த அழைப்பின் எண்ணுக்கோ, இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்ணுக்கோ பேசக் கூடாது. வங்கியின் உதவி எண் என்று போலி எண்களைப் போட்டு வைப்பவர்கள் உண்டு. இயந்திரக் குரலும் காத்திருப்பும் கடந்து, 5.31க்கு எதிர்முனையில் இருந்த பெண் கார்டு தடுக்கப்பட்டதாகச் சொல்லி ஒரு சேவைக் கோரிக்கை எண்ணைக் கொடுத்தார். "தற்காலிகமா நிறுத்தறீங்களா, நிரந்தரமாவா?" என்று ஆசிரியையைக் கேட்கச் சொன்னேன். தற்காலிகத் தடையைப் பிறகு நீக்க முடியும். எண்கள் வெளியே போய்விட்ட கார்டுக்கு அது போதாது. வங்கி வழக்கில் 'ஹாட்லிஸ்ட்' என்று சொல்லப்படும் நிரந்தரத் தடைதான் வேண்டும். அது போட்டால் அந்தக் கார்டு எண் திரும்ப உயிர் பெறாது. அதையே போட்டார்கள். சேவைக் கோரிக்கை எண்ணை ஆசிரியை ஆடி மாத நாட்காட்டித் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அன்றிரவு 9.52க்கு அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. டாலரில் சிறு தொகை ஒன்றுக்கான முயற்சி, கார்டு தடுக்கப்பட்டிருப்பதால் மறுக்கப்பட்டது என்றிருந்தது. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சிறு தொகையை விட்டுப் பார்ப்பது இவர்களின் வழக்கம். அது தேறினால்தான் பெரிய தொகை வரும்.

பணம் போகவில்லை, கார்டும் தடுக்கப்பட்டுவிட்டது, பிறகு கடிதம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். எனக்கு இந்த நிகழ்வில் முக்கியமாகப் படுவதே அந்தக் கடிதம்தான்.

சனிக்கிழமை காலை ஆசிரியை கோடிட்ட தாளில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். முத்து முத்தான எழுத்து. ஆனால் அதில் பாதிக்கு மேல் பேசியவரின் மரியாதையற்ற பேச்சைப் பற்றி இருந்தது. கோரிக்கை ஒரே வரி: "எனவே என் கணக்கைப் பாதுகாக்கத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கார்டின் எண்களைப் படித்துக் காட்டியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் முகம் சுருங்கியது. "முப்பத்து நாலு வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தவ, ஏமாந்துட்டேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமா சார்?" என்றார்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கடிதங்கள் பழுதாகின்றன. என் மேசைக்கு வந்த கடிதங்களில் எத்தனையோ பேர் இதே வெட்கத்தில் இதே செய்தியை மறைத்திருக்கிறார்கள். மறைப்பதால் இரண்டு கெடுதல்கள் நேரும். முதலாவது, எதை மூட வேண்டும் என்பது வங்கிக்குத் தெரியாமல் போகும். கார்டு எண்கள் போயிருந்தால் கார்டை மூட வேண்டும். ஓடிபியோ, கைப்பேசியிலிருந்து அனுப்பச் சொன்ன ஏதாவது குறுஞ்செய்தியோ போயிருந்தால், வேறொரு கைப்பேசியில் அவர் பெயரில் யுபிஐ பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கார்டை மூடுவது யுபிஐயையும் இணைய வங்கிச் சேவையையும் மூடாது. இரண்டாவது, பிற்பாடு ஏதேனும் தொகை போனதாகத் தெரியவந்தால், சரியான எண்களோடுதான் அந்தப் பரிவர்த்தனை நடந்தது என்பது வங்கியின் பதிவில் இருக்கும். அப்போது கடிதம் பொய் சொன்னதாகிவிடும். அந்த ஒரு பொய்யால் கடிதத்தின் மற்ற உண்மைகளும் நம்பப்படாமல் போகும்.

பொறுப்பு யார் மேல் என்பதை ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வகுத்திருந்தது. அதைப் பற்றி மக்களிடையே பாதி உண்மைதான் புழங்குகிறது. மூன்று வேலை நாள்களுக்குள் சொல்லிவிட்டால் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பார்கள். அந்த மூன்று நாள் சலுகை, வாடிக்கையாளரிடமும் தவறில்லை, வங்கியிடமும் தவறில்லை, இடையில் வேறெங்கோ கசிந்தது என்ற நிலைக்கானது. வாடிக்கையாளரே தன் விவரங்களைக் கொடுத்ததால் இழப்பு நேர்ந்தது என்றால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நேரும் எந்த இழப்பும் வங்கியுடையது. வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமை வங்கியின் மேல்தான் இருக்கிறது. ஆசிரியையின் நிகழ்வுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், 4.40க்கும் 5.31க்கும் இடையில் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் பத்தாயிரம் போயிருந்தால் அது பெரும்பாலும் அவர் தலையில் விழுந்திருக்கும். ஓடிபி கொடுக்கவில்லை என்று வாதாடிப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. இரவு 9.52க்கு வந்த முயற்சி வங்கியின் கோளாறால் தேறியிருந்தாலும் அது வங்கியின் இழப்பு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் எல்லைக்கோடு 5.31. கடிதத்தின் வேலை அந்தக் கோட்டை எழுத்தில் பதிவு செய்வது.

இதை விளக்கியதும் ஆசிரியை வேறு தாள் எடுத்தார். இரண்டாம் முறை எழுதியதை, எண்களையும் பெயர்களையும் நீக்கி, அவருடைய ஒப்புதலோடு இங்கே தருகிறேன்.

"அனுப்புநர்: (பெயர்), ஓய்வுபெற்ற ஆசிரியை, மேற்கு மாம்பலம், சென்னை.
பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்.
நாள்: 12.08.2023.
பொருள்: மோசடி எனச் சந்தேகிக்கப்படும் தொலைபேசி அழைப்பு – டெபிட் கார்டு (கடைசி நான்கு இலக்கங்கள் …) நிரந்தரமாகத் தடுக்கப்பட்டதை எழுத்தில் உறுதிசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கிளையில் சேமிப்புக் கணக்கு (கடைசி நான்கு இலக்கங்கள் …) வைத்துள்ளேன். 11.08.2023 வெள்ளிக்கிழமை மாலை 4.40 மணிக்கு … என்ற எண்ணிலிருந்து வந்த அழைப்பில், வங்கியின் ஓய்வூதியப் பிரிவிலிருந்து பேசுவதாகக் கூறிய நபரை நம்பி, எனது டெபிட் கார்டின் முழு எண்ணையும் காலாவதித் தேதியையும் பின்பக்க மூன்று இலக்கங்களையும் தெரிவித்துவிட்டேன். ரூ. 24,999க்கான ஓடிபி எனக்கு வந்தது. அதை நான் யாரிடமும் தெரிவிக்கவில்லை. கார்டின் ரகசிய எண்ணைத் தெரிவிக்கவில்லை. எந்தச் செயலியையும் தரவிறக்கவில்லை. எந்தக் குறுஞ்செய்தியையும் அனுப்பவில்லை. 4.58க்கு அழைப்பைத் துண்டித்தேன்.

அன்று மாலை 5.19க்குத் தங்கள் 24 மணி நேர எண்ணை அழைத்து, கார்டை நிரந்தரமாகத் தடுக்கக் கோரினேன். 5.31க்குத் தடுக்கப்பட்டதாகத் தெரிவித்து, சேவைக் கோரிக்கை எண் … வழங்கப்பட்டது. இரவு 9.52க்கு ஒரு வெளிநாட்டுப் பரிவர்த்தனை முயற்சி மறுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதன் படத்தை இணைத்துள்ளேன்.

கார்டு தடுக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 4.40 முதல் 5.31 வரை இந்தக் கார்டில் ஒப்புதல் அளிக்கப்பட்டு, இன்னும் கணக்கில் பற்று வைக்கப்படாத தொகை ஏதேனும் உள்ளதா என்பதையும், 11ஆம் தேதிக்குப் பின் என் கணக்கில் புதிய யுபிஐ அல்லது இணைய வங்கிப் பதிவு ஏதேனும் நடந்துள்ளதா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். மாற்றுக் கார்டை என் முகவரிக்கு அனுப்பும்போது, அதில் இணையவழிப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் மூடப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியையும் நேரத்தையும் குறித்து ஒப்புகை தருமாறு கோருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள, (கையொப்பம்)"

கடிதத்தில் கார்டின் முழு எண் எங்கும் இல்லாததைக் கவனிக்க வேண்டும். விவரம் தெரியாமல் முழு எண்ணையும், சிலர் பின்பக்க எண்ணையும்கூட, கடிதத்தில் எழுதி மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுகிறார்கள். வங்கிக்குக் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். ஒப்புதல் அளிக்கப்பட்டும் பற்று வைக்கப்படாத தொகையைப் பற்றிய வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். தடைக்கு முன்பே ஒப்புதல் பெற்றுவிட்ட பரிவர்த்தனை, இரண்டு மூன்று நாள் கழித்துக் கணக்கில் பற்றாவதுண்டு. கார்டை மூடிய பின்னும் எப்படிப் பணம் போனது என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறார்கள்.

ஆசிரியை கடிதத்தின் படத்தைச் சனிக்கிழமையே, தன் பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சலிலிருந்து வங்கியின் புகார் முகவரிக்கு அனுப்பினார். பணம் போயிருந்தால் எதற்கும் முன்பாக 1930 என்ற எண்ணை அழைத்திருப்போம். போன பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த அந்த வழி உதவும். பணம் போகாததால் cybercrime.gov.in தளத்தில் முயற்சியாகப் பதிவு செய்தோம். அழைத்த எண்ணை அங்கே கொடுத்தோம்.

திங்கட்கிழமை காலை இருவரும் கிளைக்குப் போனோம். மறுநாள் சுதந்திர தினம் என்பதால் கூட்டம் அதிகம். மேசையில் இருந்த அலுவலர் கணினியில் பார்த்துவிட்டு, "கார்டு அன்னிக்கே ஹாட்லிஸ்ட் ஆயிடுச்சும்மா, லெட்டர் தேவையில்லை" என்றார். அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. கார்டு மூடியதோடு வேலை முடிந்தது என்று உண்மையாகவே நினைத்தார். ஆசிரியை கடைசிப் பத்தியை அவரிடம் திருப்பிக் காட்டி, "கார்டைப் பத்தி மட்டும் கேட்கலை தம்பி, நடுவுல இருந்த அம்பத்தொரு நிமிஷத்தைப் பத்திக் கேட்கறேன்" என்றார். அலுவலர் அதைப் படித்துவிட்டு முத்திரை வைத்தார். முத்திரையில் தேதி மட்டும்தான் இருந்தது. நேரத்தைப் பேனாவால் எழுதித் தரக் கேட்டோம், 10.50 என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார்.

பதில் வர ஒன்பது நாள் ஆனது. கார்டு 11.08.2023 அன்று 17.33 மணிக்கு நிரந்தரமாகத் தடுக்கப்பட்டது. குறிப்பிட்ட இடைவெளியில் ஒப்புதல் பெற்ற பரிவர்த்தனை எதுவும் இல்லை. ஓடிபி இல்லாததால் ஒரு முயற்சி தோல்வியுற்றது. தடைக்குப் பின் ஒரு வெளிநாட்டு முயற்சி மறுக்கப்பட்டது. புதிய யுபிஐ பதிவு இல்லை என்று இருந்தது. நாங்கள் குறித்த 5.31க்கும் வங்கியின் 17.33க்கும் இரண்டு நிமிட வேறுபாடு. எதிர்முனையில் இருந்தவர் வாயால் சொன்ன நேரத்துக்கும் கணினியில் தடை பதிவான நேரத்துக்கும் இப்படி இடைவெளி இருப்பது இயல்பு. ஆனால் வங்கிக்குத் தெரிவித்த நேரம் என்று வழக்கில் நிற்பது தடை விழுந்த நேரமல்ல, புகார் பெறப்பட்ட நேரம்; அதற்கான அழைப்பு தொடங்கியது 5.19. கைப்பேசியின் அழைப்புப் பதிவில் அது இருக்கிறது. அந்தத் திரையையும் படமெடுத்து, ஆசிரியை கடிதத்தின் நகலோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

பதில் திருப்தியில்லாமல் போயிருந்தாலோ, புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதிலே வராமல் போயிருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போயிருக்கலாம். அதற்கும் முத்திரையிட்ட அந்த நகல்தான் முதல் ஆவணமாக இருந்திருக்கும்.

மாற்றுக் கார்டு செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தது. பழைய கார்டைச் சில்லின் குறுக்கே கத்தரித்து நான்கு துண்டாக்கிய பிறகு, புதிய கார்டின் பின்பக்கத்து உதவி எண்ணை ஆசிரியை ஒரு சிறு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தரைவழித் தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்.